டொலர் ஏறினால் தங்கம் இறங்குமா?

கல்முனை நகைக்கடைகளில் விலை கேட்டு நிற்பவர்கள் ஒரு வாசகத்தை அடிக்கடி கேட்டிருப்பார்கள்: "டொலர் ஏறிட்டு, அதான் பவுண் ஏறிட்டு." அதே நாள் இரவு யூடியூபில் தங்கச் சார்ட் விளக்குபவர் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்: "டொலர் பலமாகிறது, ஆகவே தங்கம் விழும்." இரண்டு பேரும் சொல்வது சரிதான். அவர்கள் பேசும் டொலர்தான் வேறு வேறு. காரைதீவிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருந்து பவுண் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அடகு வைப்பவருக்கும் முதலில் தெளிய வேண்டியது இதுதான். அதன் பிறகே சார்ட்டைத் திறப்பதில் பயன் உண்டு.

இரண்டு டொலர்கள்

சார்ட்டில் "டொலர்" என்று காட்டப்படுவது பெரும்பாலும் டொலர் சுட்டெண். திரையில் அதன் பெயர் `DXY`. 1973 மார்ச்சில் 100 என்று வைத்துத் தொடங்கிய கணக்கு அது. யூரோ, ஜப்பானிய யென், பிரித்தானியப் பவுண், கனேடிய டொலர், சுவீடன் குரோனா, சுவிஸ் பிராங்க் ஆகிய ஆறு நாணயங்களுக்கு எதிராக அமெரிக்க டொலர் எங்கே நிற்கிறது என்பதை அது ஒரே எண்ணில் சொல்கிறது. அந்த ஆறில் யூரோவுக்கு மட்டும் 57.6 சதவீதப் பங்கு இருக்கிறது. இலங்கை ரூபாய்க்கு இடமே இல்லை. இந்திய ரூபாய்க்கும் சீன யுவானுக்கும்கூட இல்லை. ஆகவே DXY ஏறியது என்றால் முக்கியமாக யூரோ இறங்கியது என்று படித்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடைக்காரர் சொல்லும் டொலர் `USDLKR`. ஒரு டொலருக்கு எத்தனை ரூபாய் என்ற விகிதம் அது. இந்த விகிதம் யூரோவைப் பார்த்து நகர்வதில்லை. எங்கள் நாட்டின் இறக்குமதி, கடன், வெளிநாட்டிலிருந்து வரும் பணம், மத்திய வங்கியின் முடிவு ஆகியவைதான் அதை நகர்த்துகின்றன. DXY இறங்கும்போது USDLKR ஏறலாம். இரண்டும் ஒன்றாக ஏறவும் செய்யலாம்.

உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் ஒன்றுக்கு இத்தனை டொலர் என்று பேசப்படுகிறது. அதன் குறியீடு `XAUUSD`. இங்கே அவுன்ஸ் என்பது ட்ரோய் அவுன்ஸ், 31.1035 கிராம். எங்கள் பவுண் 8 கிராம். ஆகவே 24 கரட் பவுண் ஒன்றின் கணக்கு விலை இப்படி வரும்:

```
XAUUSD * USDLKR / 31.1035 * 8
```

ட்ரேடிங்வியூவில் குறியீடு தேடும் இடத்தில் இந்த வரியை அப்படியே எழுதினால் ரூபாய் பவுண் சார்ட் திறக்கும். 22 கரட்டுக்கு 24ஆல் வகுத்து 22ஆல் பெருக்க வேண்டும். கடை விலை இதோடு அச்சொட்டாகப் பொருந்தாது. இறக்குமதி வரி இருந்தால் அது சேரும், வியாபாரியின் இலாபமும் சேரும். நகையாக வாங்கினால் கூலியும் சேதாரமும் தனி. ஆனாலும் விலை எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று அறிய இந்தச் சார்ட் போதும்.

சாதாரண நாட்களில் ஏன் எதிரெதிர்

தங்கமும் DXYயும் எதிரெதிராக நகர்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெறும் அளவீடு. தங்கத்துக்கு டொலரில் விலை போடுகிறோம். டொலர் கனத்தால் அதே தங்கத்துக்குக் குறைந்த டொலர் போதும். ஐரோப்பாவில் வாங்குபவருக்கு யூரோ விலை அசையாமலே இருக்கும், டொலர் விலை மட்டும் இறங்கியிருக்கும். இரண்டாவது காரணம் வட்டி. தங்கம் வட்டி தருவதில்லை. அமெரிக்காவில் வட்டி ஏறினால், அதுவும் பணவீக்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் வட்டி ஏறினால், பணம் டொலரை நோக்கி ஓடும். டொலரை ஏற்றும் அதே வட்டி தங்கத்தை அழுத்தும்.

இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. `XAUUSD` சார்ட்டுக்குக் கீழே `XAUEUR` சார்ட்டையும் திறந்து வையுங்கள். தங்கம் டொலரில் விழுந்து யூரோவில் அசையாமல் நின்றால் அது டொலரின் கதை, தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டிலும் விழுந்தால் தங்கத்தையே விற்கிறார்கள். இந்த ஒரு ஒப்பீடு பல அலங்காரமான குறிகாட்டிகளைவிட உதவும் என்பது என் உறுதியான கருத்து.

2022: ஒரே பவுணுக்கு இரண்டு திசை

எங்கள் கரையில் பல வீடுகளில் ஒருவராவது சவூதியிலோ கட்டாரிலோ இருக்கிறார். சவூதி ரியால் ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ரியாலில் சம்பளம் எடுப்பவர் தங்கத்தை டொலர் கண்ணால்தான் பார்க்கிறார். ஊரில் இருப்பவர் ரூபாய்க் கண்ணால் பார்க்கிறார். 2022இல் இந்த இரண்டு கண்களும் இரண்டு காட்சிகளைக் கண்டன.

அந்த ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் தங்கம் அவுன்ஸ் 1,800 டொலரை ஒட்டி இருந்தது. DXY 96ஐ அண்டி நின்றது. இலங்கையில் வங்கி விகிதம் 201 ரூபாய் அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டி அந்த ஆண்டு முடிவதற்குள் 4.25 முதல் 4.50 வரையான எல்லைக்குப் போனது. செப்டெம்பர் 28 அன்று DXY 114ஐத் தாண்டியது. தங்கம் 1,660 டொலரை ஒட்டி முடிந்தது. டொலர் ஏற, தங்கம் இறங்கியது. பாடப்புத்தகம் சொல்வது போலவே உறவு வேலை செய்தது.

ரியாத்தில் இருப்பவரின் கணக்கு இது. ஜனவரியில் ஒரு பவுணின் தங்கப் பெறுமதி 463 டொலர், ரியாலில் ஏறத்தாழ 1,736. செப்டெம்பர் இறுதியில் 427 டொலர், ஏறத்தாழ 1,601 ரியால். பவுண் ஒன்றுக்கு 135 ரியால் குறைந்துவிட்டது. "உம்மா, இங்க பவுண் குறைஞ்சி கிடக்கு, தங்கச்சிக்கு இப்பவே எடுத்துவைப்பம்" என்று மகன் சொல்லியிருந்தால் அவர் சரியான சார்ட்டைத்தான் பார்த்திருக்கிறார்.

உம்மா மாளிகைக்காட்டில் இருந்து பார்த்தது வேறு. மார்ச் 7இல் மத்திய வங்கி ரூபாயைத் தளர்த்தியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை அரசு நிறுத்தியது. மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபாயை எட்டியது. கணக்கு விலையை வைத்துப் பார்ப்போம். ஜனவரியில் 463 டொலரை 201ஆல் பெருக்கினால் 93,000 ரூபாய் அளவு. செப்டெம்பர் இறுதியில் 427 டொலரை 362ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்து 54,500 ரூபாய் அளவு. டொலரில் தங்கம் 8 சதவீதம் குறைந்திருக்க, ரூபாயில் 66 சதவீதம் ஏறியிருக்கிறது. உம்மா "இஞ்ச ஒன்றரை லட்சத்துக்கு மேல மகன்" என்று சொன்னால் அதுவும் சரியான சார்ட்தான்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வங்கி விகிதம் 201இல் நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில் கடை விலை இந்தக் கணக்கு விலைக்கு நன்றாக மேலே நின்றது. டொலர் அந்த விலைக்குக் கையில் கிடைக்கவில்லை, அதனால் வியாபாரி தனக்குக் கிடைக்கும் விலையில் கணக்குப் போட்டார். ஆகவே கடையில் ஏற்றம் 66 சதவீதமாகத் தெரியவில்லை, ஒரு பகுதி முன்கூட்டியே ஏறியிருந்தது. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல கருவி கிடைக்கும். கடையின் 24 கரட் பவுண் விலையை அன்றைய டொலர் பவுண் பெறுமதியால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் வங்கி விகிதத்தைவிட வழமையான இலாப அளவுக்கு மேல் பல பத்து ரூபாய் விலகினால், ஒன்றில் புதிதாக வரி வந்திருக்கிறது, அல்லது வங்கி விகிதத்தை நம்ப முடியாது. வரியாலும் இந்த இடைவெளி வரும் என்பதற்கு 2018 ஏப்ரலில் தங்க இறக்குமதிக்கு விதித்த 15 சதவீத வரி உதாரணம். வரியில்லாத காலத்தில் இடைவெளி விரிந்தால் ரூபாய் இறங்கப்போகிறது என்பதற்கான வலுவான அறிகுறியாக அதை எடுக்கலாம்.

யூரோ சோதனையையும் இதே ஆண்டில் செய்து பாருங்கள். ஜனவரியில் யூரோ 1.13 டொலர், ஒரு அவுன்ஸ் 1,590 யூரோவை ஒட்டியது. செப்டெம்பர் இறுதியில் யூரோ 0.97 டொலர், அவுன்ஸ் 1,700 யூரோவுக்கு மேல். யூரோவில் தங்கம் ஏறியிருக்கிறது. அதாவது 2022இல் தங்கம் பலவீனப்படவில்லை, அளவுகோல்தான் நீண்டுபோனது.

அடுத்த ஆண்டு படம் தலைகீழானது. 2023 பெப்ரவரி இறுதியில் தங்கம் 1,815 டொலர், விகிதம் 362. ஜூன் தொடக்கத்தில் தங்கம் 1,960 டொலர், விகிதம் 293 அளவு. DXY இரண்டு நாட்களிலும் 104, 105 என்று கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். உலகத் தங்கம் 8 சதவீதம் ஏறியபோது எங்கள் கணக்கு விலை ஒரு லட்சத்து 69,000இலிருந்து ஒரு லட்சத்து 48,000க்கு இறங்கியது. இந்த மூன்று மாதங்களில் DXYயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

உறவு முறியும் காலங்கள்

இனி ரூபாயைச் சற்று ஒதுக்கிவிட்டு, DXYக்கும் டொலர் தங்கத்துக்கும் இடையிலேயே உறவு முறிந்த காலங்களுக்கு வருவோம். அவற்றில் எங்கள் பக்கத்தை மிக மோசமாகத் தாக்கியது 2013.

2013 ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் தங்கம் 1,560 டொலர் அளவில் இருந்தது. அந்த வெள்ளியும் அடுத்த திங்களுமாக இரண்டே சந்தை நாட்களில் அது 1,350 டொலரை ஒட்டி விழுந்தது. இடையில் வந்த ஞாயிறு சித்திரைப் புத்தாண்டு. இவ்வளவுக்கும் DXY 82ஐச் சுற்றி ஏறத்தாழ அசையாமல் இருந்தது. முழு ஆண்டையும் எடுத்தால் இன்னும் வியப்பு. 2013இல் தங்கம் 28 சதவீதம் வீழ்ந்தது. DXY ஆண்டை 80க்குச் சற்றுக் கீழே தொடங்கி 80இல் முடித்தது. டொலர் ஏறாமலே தங்கம் விழுந்தது. யூரோவிலும் விழுந்தது. அந்தச் சோதனை அப்போதே சொல்லியிருக்கும்: இது அளவுகோலின் கதை அல்ல, பெரும் நிதியங்கள் தங்கத்தையே விற்றுக்கொண்டிருந்தன.

ரூபாயும் அப்போது 126 அளவில் அமைதியாக இருந்ததால் எங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அடகுக் கணக்கைப் பாருங்கள். வீழ்ச்சிக்கு முன் 22 கரட் பவுணின் கணக்கு விலை 46,300 ரூபாய் அளவு. அதில் 80 சதவீதம் என்று வைத்தால் 37,000 ரூபாய் கடன். வயலில் உழவுக்கும் பசளைக்கும் எடுத்த காசு அது. ஆண்டு வட்டி 18 சதவீதம் என்று கணக்கிட்டால், ஓராண்டில் மீட்கக் கட்ட வேண்டியது 43,660. ஆனால் இரண்டு நாள் வீழ்ச்சிக்குப் பிறகு அந்தப் பவுணின் பெறுமதி 40,100. ஆண்டு முடிவில் 37,150 அளவு. நகையைவிடக் கடன் பெரிதாகிவிட்டது. நாடு முழுவதும் பலர் மீட்காமல் விட்டார்கள். வங்கிகளின் அடகுக் கடன்கள் செயற்படாக் கடன்களாக மாறின. 2014இல் அடகு முற்பணங்களுக்குக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றை மத்திய வங்கி கொண்டுவர வேண்டியதாயிற்று. வயற்காரருக்குப் போனது கடனைவிடப் பெரியது. தாயின் தாலிக்கொடி ஏலத்தில் போனால் அதைப் பெறுமதியில் எழுத முடியாது.

இரண்டாவது வகை முறிவில் டொலரும் தங்கமும் சேர்ந்து ஏறும். 2010இன் முதல் ஐந்து மாதங்கள் அப்படி. கிரேக்கக் கடன் நெருக்கடியால் யூரோவிலிருந்து ஓடிய பணம் பாதி டொலருக்கும் பாதி தங்கத்துக்கும் போனது போல இருந்தது. DXY 78இலிருந்து 86க்கு மேல் ஏறியது. தங்கம் 1,100 டொலரிலிருந்து 1,200க்கு மேல் போனது. பயத்தின் ஊற்று அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும்போது இந்த வகையை எதிர்பாருங்கள். 2008 டிசம்பர் இறுதியிலிருந்து 2009 பெப்ரவரி வரை, பயத்தின் ஊற்று அமெரிக்காவிலேயே இருந்தும், இரண்டும் சேர்ந்துதான் ஏறின.

2024 ஒக்டோபரிலும் இரண்டும் சேர்ந்து ஏறின. DXY 100, 101 அளவிலிருந்து 104க்குப் போனபோது தங்கம் 2,650இலிருந்து 2,780 டொலருக்குப் போனது. ஆனால் நவம்பர் 5 அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் பழைய உறவு உடனே திரும்பியது. இரண்டு வாரம் ஆகுமுன் DXY 107ஐ எட்ட, தங்கம் 2,560 டொலர் பக்கம் இறங்கியது. முறிவு எப்போது முடியும் என்று நாட்காட்டி சொல்லாது. அதனால் முறிவு காலத்தில் "இனிப் பழைய விதி செல்லாது" என்று முடிவுகட்டியவர்களும் அடிபட்டார்கள்.

மூன்றாவது வகை 2022க்குப் பிறகு வந்தது, இதுதான் நீடிப்பது. உக்ரேன் போரையடுத்து ரஷ்யாவின் வெளிநாட்டு இருப்புகள் முடக்கப்பட்டன. டொலரிலும் யூரோவிலும் வைத்திருப்பதை ஒரே இரவில் பூட்டிவிடலாம் என்று மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் கண்டன. உலகத் தங்கக் கவுன்சிலின் கணக்கில் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. இப்படி வாங்குபவர் DXY எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குவதில்லை. 2025இன் முதல் அரையாண்டில் DXY 10 சதவீதத்துக்கு மேல் விழ, தங்கம் ஏறியது, அது பழைய உறவு. இரண்டாம் அரையாண்டில் DXY பெரிதாக அசையவில்லை. ஆனால் தங்கம் 3,300இலிருந்து ஒக்டோபரில் 4,000 டொலரைத் தாண்டியது.

முறிவை எப்படிக் கண்டுபிடிப்பது

இரண்டு சார்ட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கண்ணால் பார்ப்பது ஏமாற்றும். திரையின் இரண்டு பக்க அளவுகளையும் இழுத்தால் எந்த இரண்டு கோடுகளையும் பொருந்தச் செய்யலாம். ட்ரேடிங்வியூவில் `Correlation Coefficient` என்ற குறிகாட்டி இருக்கிறது. அது விலை மட்டங்களை ஒப்பிடுகிறது. இரண்டு கோடுகளும் ஒரே காலத்தில் ஒரு பக்கம் சாய்ந்து போனாலே பெரிய எண்ணைக் காட்டிவிடும். நாள் மாற்றங்களை ஒப்பிடுவதே நம்பகமானது. ஒரு விரிதாளில் `A` நிரலில் திகதி, `B`இல் தங்கம், `C`இல் DXY, இரண்டாம் வரியிலிருந்து இட்டு, இப்படி எழுதுங்கள்:

```
D3:  =LN(B3/B2)
E3:  =LN(C3/C2)
F62: =CORREL(D3:D62,E3:E62)
```

`D`, `E` நிரல்களைக் கீழே இழுத்து நிரப்பிவிட்டு, `F62`ஐயும் கீழே இழுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் கடந்த 60 சந்தை நாட்களின் உறவு எண் கிடைக்கும். அது -0.3க்கும் -0.6க்கும் இடையில் இருந்தால் உறவு வழமை போல் இருக்கிறது. பூச்சியத்தை நெருங்கினால் DXYயை வைத்துத் தங்கத்தைக் கணிப்பதை நிறுத்திவிடுங்கள். பூச்சியத்துக்கு மேல் போனால் சேர்ந்து ஓடுகின்றன.

இந்த எண்ணுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது 60 நாளைப் பின்னோக்கிப் பார்ப்பதால், முறிவு தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே காட்டும். 2013 ஏப்ரல் போன்ற இரண்டு நாள் வீழ்ச்சியை அது எந்த வகையிலும் முன்கூட்டிச் சொல்லாது. இன்னொன்று, உறவு எண் நன்றாக இருந்தாலும் விலை வேறு பக்கம் போகலாம். ஒவ்வொரு நாளும் எதிரெதிராக அசைந்துகொண்டே இரண்டும் ஆண்டு முடிவில் உயர்ந்திருக்க முடியும். 2005 அப்படி ஒரு ஆண்டு: DXY 81இலிருந்து 91க்கும், தங்கம் 438 டொலரிலிருந்து 517க்கும் போயின. ஆகவே 60 நாள் எண்ணோடு ஆண்டு மாற்றத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எங்கள் வீட்டு முடிவுகளுக்கு

கலியாணத்துக்குப் பவுண் எடுக்க வேண்டியவர் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் USDLKR, பிறகு XAUUSD, கடைசியில் DXY. ரூபாய் ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தால் DXYயைத் திறக்கவே வேண்டாம். அப்போது பவுண் விலையை ரூபாய்தான் நடத்துகிறது. ரூபாய் அமைதியாக இருந்தால் மட்டுமே உலகச் சார்ட் எங்கள் கடைக்கு நேராக வந்துசேரும்.

வளைகுடாவில் இருந்து காசு அனுப்புபவர், பவுணை அங்கே வாங்குவதா இங்கே வாங்குவதா என்று பார்க்கும்போது, இரண்டு ஊர் விலையையும் டொலருக்கு மாற்றி ஒப்பிட வேண்டும். இங்கே மாற்றும்போது அன்று வங்கி உங்கள் கையில் தரும் விகிதத்தையே போடுங்கள். ரூபாய் விழுகிற காலத்தில் காசாக அனுப்பி வைத்திருப்பது நட்டம். ரூபாய் மீள்கிற காலத்தில், 2023இல் நடந்தது போல, இங்கே அவசரப்பட்டுப் பவுண் வாங்கியவர் நட்டப்பட்டார்.

அடகு வைப்பவருக்கு நான் சொல்வது கறாரானது. தங்கம் ஓராண்டாக ஏறியிருக்கிறது என்பதற்காக வங்கி தரும் உச்சத் தொகையை எடுக்காதீர்கள். பவுணின் இன்றைய 22 கரட் கணக்கு விலையை எழுதுங்கள். அதிலிருந்து 20 சதவீதத்தைக் கழியுங்கள், 2013இன் முழு வீழ்ச்சி அதைவிடப் பெரியது என்பதை மறக்க வேண்டாம். மீதியிலிருந்து ஓராண்டு வட்டியையும் கழித்து வரும் தொகைக்கு மேல் வாங்காதீர்கள். டொலர் அமைதியாகத்தானே இருக்கிறது என்ற ஆறுதலை நம்பி எல்லை வரை அடகு வைக்காதீர்கள். 2013இலும் டொலர் அமைதியாகத்தான் இருந்தது.